விந்து எங்கே போனது?

யூராலஜிஸ்டுகள் அடிக்கடி பார்க்கும் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 62. இரவில் நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போகவேண்டியிருக்கிறது என்று வந்தவருக்கு, புராஸ்டேட் வீக்கத்துக்காக சிலோடோசின் என்ற மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். சில நாட்களிலேயே சிறுநீர் தடையில்லாமல் போகிறது, தூக்கமும் திரும்புகிறது. ஒரு மாதம் கழித்து மறுபடி வருகிறார். மனைவி வெளியே உட்கார்ந்திருக்க, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "உச்சம் வருது டாக்டர். ஆனா ஒரு சொட்டுகூட வெளியே வரலை." கூடவே இன்னொன்றையும் சொல்கிறார். முன்பெல்லாம் ஒருமுறை முடிந்தால் அதே இரவில் மறுபடியும் முடியும்; இப்போது இரண்டு மூன்று நாள் ஆனாலும் உடம்பு அசைய மறுக்கிறது.

மாத்திரைதான் இரண்டையும் கெடுத்துவிட்டது என்பது அவர் நினைப்பு. உண்மையில் முதலாவதுக்கு மட்டுமே மாத்திரை காரணம்.

விந்து வெளியேறுவது ஒரே நொடியில் நடக்கும் ஒரே செயல்போலத் தோன்றினாலும் அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டையும் நடத்தும் நரம்புகளே வேறு. முதலாவது சேகரக் கட்டம். விந்தணுக்கள் விதைக்குப் பின்னால் சுருண்டிருக்கும் குழாயின் வால் பகுதியில் காத்திருக்கின்றன. முதுகுத்தண்டின் நடுப்பகுதியிலிருந்தும் இடுப்புக்குச் சற்று மேலிருந்தும் வரும் தானியங்கி நரம்புகள் கட்டளையிட்டதும் விந்துக்குழாய் சுருங்கி அவற்றை மேலே தள்ளுகிறது. புராஸ்டேட் தன் நீரைச் சேர்க்கிறது. விந்துப்பைகள் தம் பங்கைச் சேர்க்கின்றன. வெளிவரும் விந்தில் முக்கால் பங்கை ஒட்டிய அளவு இந்தப் பைகளிலிருந்து வருவதுதான். விதையிலிருந்து வருவது நூற்றில் ஐந்து பங்குகூட இருக்காது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்கு விந்தின் அளவு குறைந்ததாகவே தெரியாததற்குக் காரணம் இதுதான். ஆபரேஷன் பயத்தில் தள்ளிப்போடும் கணவர்களிடம் யாராவது இதைச் சொல்லலாம்.

இவையெல்லாம் புராஸ்டேட்டுக்குள் ஓடும் சிறுநீர்க்குழாயில் வந்து சேரும்போது, மேலே சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்கிறது. மதகை அடைத்தால் தண்ணீர் ஒரே பக்கம் போவதுபோல, விந்துக்குப் பின்னால் போக வழியில்லாமல் ஆகிறது. 'இனி நிறுத்த முடியாது' என்று ஆணுக்குத் தோன்றும் அந்த இரண்டு மூன்று நொடிகள் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. சேகரம் தொடங்கிவிட்டால் மனத்தால் அதை நிறுத்த முடியாது. விந்து முந்துதலுக்குச் சொல்லித்தரும் 'நிறுத்தித் தொடங்கும்' பயிற்சியில், அந்த உணர்வு வருவதற்குச் சற்று முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். வந்த பிறகு பல்லைக் கடிப்பதில் பயனில்லை.

அடுத்தது வெளித்தள்ளும் கட்டம். இங்கே வேலை செய்வது முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் வேறொரு நரம்பு. அது ஆண்குறியின் அடியைச் சூழ்ந்துள்ள தசைகளையும் இடுப்புத்தளத் தசைகளையும் சீரான தாளத்தில் சுருங்க வைக்கிறது. முதல் சில சுருக்கங்களுக்கு நடுவே ஏறத்தாழ 0.8 நொடி இடைவெளி. பிறகு இடைவெளி நீண்டு, வேகம் தணிகிறது. 1966இல் வெளியான புத்தகத்தில் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் ஆய்வுக்கூடத்தில் அளந்து எழுதிய கணக்கு இது. உச்சத்தின் இன்பத்தை மூளைதான் உணர்கிறது. ஆகவே திரவமே இல்லாமலும் உச்சம் வரலாம்.

நம் 62 வயதுக்காரருக்கு நேர்ந்ததும் அதுதான். சிலோடோசின், டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் உள்ள தசையைத் தளர்த்துகின்றன. சிறுநீர் எளிதாகப் போவது அதனால்தான். ஆனால் விந்துக்குழாயும் விந்துப்பையும் சுருங்குவதற்கு அதே ஏற்பிகள்தான் தேவை. அதனால் இரண்டு விதமாகக் கோளாறு நேரலாம். மூடாத வாய் வழியே விந்து சிறுநீர்ப்பைக்குள் போய்விடலாம். அல்லது சேகரமே சரியாக நடக்காமல் போகலாம். எது என்று கண்டுபிடிப்பது எளிது. உச்சத்துக்குப் பிறகு கழித்த முதல் சிறுநீரை லேபில் பார்த்தால் போதும். அதில் விந்தணுக்கள் நிறைய இருந்தால் விந்து பின்னால் போயிருக்கிறது. இல்லையென்றால், பெரும்பாலும் சேகரக் கட்டமே தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். சிலோடோசினின் பெரிய சோதனைகளில் நூற்றுக்கு 28 பேர் இந்த மாற்றத்தைச் சொன்னார்கள். உடலுக்கு இதனால் கேடில்லை. மாத்திரையை நிறுத்தினால் திரும்பிவிடும். அல்ஃபுசோசின் போன்ற, விந்தை அவ்வளவாகத் தொடாத மாத்திரைக்கு டாக்டர் மாற்றலாம். தானாக நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொண்டு நள்ளிரவில் ட்யூப் போட ஓடவேண்டிவரும்.

மாத்திரை எதுவும் சாப்பிடாமலே ஒருவருக்கு இப்படி ஆனால் சர்க்கரையைப் பரிசோதிக்கவேண்டும். நீண்ட நாள் நீரிழிவு அந்தத் தானியங்கி நரம்புகளைப் பழுதாக்கும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, பின்னால் போன விந்தணுக்களைச் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்தவும் முடியும்.

இரண்டாவது புகாருக்கு வருவோம். விந்து வெளியேறியபின் எவ்வளவு தூண்டினாலும் மறுபடி விறைப்போ உச்சமோ வராத ஒரு காலம் ஆண்களுக்கு உண்டு. 20 வயதில் அது சில நிமிடங்களிலிருந்து அரை மணி வரை இருக்கலாம். ஐம்பதைத் தாண்டினால் பல மணி நேரம்; அறுபதுகளில் ஒரு நாள், சிலருக்கு அதற்கும் மேல். ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். அதனால் நண்பர் சொல்லும் கணக்கை வைத்து யாரும் தன்னை அளக்கவேண்டாம். நண்பர்கள் கணக்கைக் கூட்டிச் சொல்வதும் வழக்கம்தான்.

இது ஏன் நீள்கிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. உச்சத்துக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் புரோலாக்டின் என்ற ஹார்மோன்தான் பூட்டுப் போடுகிறது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2021இல் லிஸ்பன் நகர ஆய்வாளர்கள் ஆண் எலிகளில் அந்த ஹார்மோனைக் கூட்டியும் தடுத்தும் பார்த்தபோது, அந்த விளக்கம் எடுபடவில்லை. வயதோடு டெஸ்டோஸ்டிரோன் மெல்லக் குறைவதும், ஆண்குறியின் தொடு உணர்வு மங்குவதும், ரத்தக் குழாய்கள் விரைந்து நிரம்பாததும் சேர்ந்தே வேலை செய்கின்றன. சேகரக் கட்டத்திலும் மூப்பு தெரியும். 'இனி நிறுத்த முடியாது' என்ற உணர்வு மங்கலாம், அல்லது வராமலே போகலாம். சுருக்கங்கள் குறையும், விந்தும் அளவில் குறையும்.

இதையெல்லாம் 'தாது பலவீனம்' என்று நள்ளிரவு டிவியில் லேகியம் விற்பவர்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். இடைவெளி நீள்வதற்கு லேகியமும் வேண்டாம், பயமும் வேண்டாம். கவனிக்கவேண்டியது வேறு: காலை விறைப்பு அறவே நின்றுபோவது, ஆசையே அற்றுப்போவது, விந்தில் ரத்தம், வெளியேறும்போது வலி. இவற்றில் எது வந்தாலும் யூராலஜிஸ்டைப் பாருங்கள். போகும்போது, மனச்சோர்வுக்கான மாத்திரை உட்பட சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.