20% சார்ஜ் காட்டிய மின்சார ஆட்டோ நடுவழியில் நிற்பது ஏன்?

சிவகாசியிலிருந்து விருதுநகர் கிளம்பிய மின்சார ஆட்டோ, 20% சார்ஜ் காட்டும்போதே ஆமத்தூர் பக்கம் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி கெட்டுப்போச்சா? அவசியமில்லை, கணக்கு தப்பியிருக்கலாம்.

இரும்பு பாஸ்பேட் செல்லில் 30% சார்ஜுக்கு சுமார் 3.29 வோல்ட் என்றால், 70 சதவீதத்துக்கும் 3.33 வோல்ட்தான். போதாக்குறைக்கு, அதே 50% சார்ஜில் ஏற்றி முடித்த செல் சற்று அதிகமாகவும், ஓடி இறங்கிய செல் சற்று குறைவாகவும் வோல்ட் காட்டும். மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் இந்த வித்தியாசம் முழுசா மறையாது. இதுதான் 'ஹிஸ்டெரிசிஸ்'.

அதனால் உள்ளே போகிற, வெளியே வருகிற மின்சாரத்தை எண்ணித்தான் சதவீதம் சொல்லப்படுகிறது. சென்சாரின் சின்னப் பிழையும் நாளுக்கு நாள் சேரும். முழு சார்ஜை நெருங்கும்போது வோல்ட் சட்டென ஏறும். அங்கேதான் கணக்கு நேராகும். தினமும் அரைகுறையாக சார்ஜ் போட்டால் அந்த வாய்ப்பே கிடைக்காது. இவ்வகை பேட்டரி கார்களை வாரம் ஒருமுறையாவது 100% ஏற்றச் சொல்கிறது டெஸ்லா.