தொண்ணூற்றெட்டு சதவீதமும் மாமாவின் தக்காளித் தோட்டமும்

கேம்பஸ் இன்டர்வியூவில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். "நீங்க தோத்துப்போன ஒரு புராஜெக்டைப் பத்திச் சொல்லுங்க." குழுவில் உட்கார்ந்து இதைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். பெரும்பாலும் வருவது தோல்வி வேடம் போட்ட வெற்றிக் கதைதான். 'எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்ய நினைப்பேன், அதனால் தாமதமாயிற்று' என்பார் ஒருவர். டீம் ஒத்துழைக்கவில்லை என்பார் அடுத்தவர். நாங்கள் தேடுவது வேறு. தப்பு நடந்தபோது இந்த ஆள் என்ன செய்தார் என்று தெரிந்தால், நாளை எங்களிடம் வந்து என்ன செய்வார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சென்ற ஆண்டு தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது தக்காளி இலை நோய். இலையைப் போனில் படம் எடுத்தால், என்ன நோய் என்று மாடல் சொல்ல வேண்டும். இதற்கு எல்லோரும் எடுக்கும் படத் தொகுப்பு பிளான்ட்வில்லேஜ். 14 பயிர்களின் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இலைப் படங்கள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. தக்காளி மட்டும் சுமார் 18,000 படங்கள். ஒன்பது வகை நோய், கூடவே நோயில்லாத இலை. அவர் எண்பது சதவீதப் படங்களைக் காட்டி மாடலுக்குப் பழக்கினார், மீதி இருபதை வைத்துச் சோதித்தார். 98 சதவீதம் சரி.

"ரெவ்யூவுல எல்லாரும் கை தட்டுனாங்க சார். அதுக்கப்புறம் லீவுக்கு ஊருக்குப் போனேன். மாமா தக்காளி போட்டிருக்கார்."

தோட்டத்தில் 60 படம் எடுத்தார். மாடல் சரியாகச் சொன்னது 17. மீதியில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பதில்: இலைச் சுருட்டை வைரஸ். மாமா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இலையே சுருளலையேடா மாப்ள, எங்கடா சுருட்டை?" என்று கேட்டிருக்கிறார். வரப்பு மண்ணைப் படமெடுத்துக் காட்டியபோதும் மாடல் இலைச் சுருட்டை என்றே சொன்னது, அதுவும் 91 சதவீத நிச்சயத்தோடு.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு விளக்கம். இப்படிப்பட்ட மாடலுக்கு 'தெரியாது' என்ற பதில் கிடையாது. பத்துப் பெட்டிகளைக் கொடுத்திருக்கிறோம். எதைக் காட்டினாலும் ஏதோ ஒன்றில் போட்டுத்தான் ஆகவேண்டும். பழக்கிய தக்காளிப் படங்களில் ஐந்தாயிரத்துக்கும் மேல் இலைச் சுருட்டைப் படங்கள். மொசைக் வைரஸுக்கோ நானூறுகூட இல்லை. குழப்பம் வந்தால் மாடல் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

"ஏன் அப்படி ஆச்சுன்னு எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"முதல்ல கண்டுபிடிச்சது தப்பு சார்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

அந்தத் தொகுப்பில் ஒரே இலையைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் உண்டு. படங்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் பிரித்தால், ஒரு இலையின் ஒரு கோணம் பழக்குவதற்கும் இன்னொரு கோணம் சோதனைக்கும் போய்விடும். பரீட்சைக் கேள்வியை முன்கூட்டியே காட்டியது மாதிரி. இதுதான் காரணம் என்று அவர் நம்பினார். எந்தப் படம் எந்த இலை என்ற பட்டியலைத் தேடி எடுத்து, ஓர் இலையின் படங்களெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி மறுபடி பிரித்தார். அக்யூரசி 94-க்கு இறங்கியது. தோட்டத்துப் படங்களில் அதே 17, 18 தான்.

"நாலு சதவீதத்துக்குக் கணக்கு கிடைச்சது சார். மீதி எங்க போச்சுன்னு தெரியல."

அடுத்து அவர் செய்த சோதனை எளிமையானது. சோதனைப் படங்களில் இலையை மட்டும் கறுப்பாக அழித்துவிட்டு, பின்னணியை மட்டும் மாடலுக்குக் காட்டினார். இலையே இல்லாத படம். பத்து வகையில் குருட்டாம்போக்கில் சொன்னால் பத்து சதவீதம்தான் சரியாக வரவேண்டும். நாற்பதுக்கும் மேல் வந்தது. அந்தத் தொகுப்பில் இலைகளைப் பறித்து, காகிதத்தின் மேல் வைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். ஒரு நோயின் படங்களை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுத்திருந்தால், காகிதத்தின் நிறமும் நிழலுமே நோயின் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். மாடல் பாதி நேரம் படித்தது காகிதத்தை.

இது அவர் மட்டும் விழுந்த குழி அல்ல. 2016-இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் இதே தொகுப்பை வைத்து வெளியிட்ட கட்டுரையில் 99.35 சதவீதம் வந்தது. அவர்கள் ஒரே இலையின் படங்களைப் பிரிக்காமல்தான் வைத்திருந்தார்கள். வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது சுமார் 31-க்கு விழுந்ததையும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார்கள். 2022-இல் நோயன் என்ற ஆய்வாளர் படத்தின் பின்னணியிலிருந்து வெறும் எட்டுப் புள்ளிகளை எடுத்து, 38 வகைகளில் 49 சதவீதம் சரியாகச் சொல்லவைத்தார். நம் மாணவர் இதையெல்லாம் படித்தது தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு. "முதல் கட்டுரை ஆரம்பத்துலயே என்கிட்ட இருந்துச்சு சார். 99-ஐ மட்டும் பார்த்தேன், 31 இருந்த பாராவைப் படிக்கல." இதை யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

என் பக்கத்தில் இருந்த மேடம் விடவில்லை. "அந்த 60 படத்துக்குச் சரியான விடை யார் சொன்னது?" நல்ல கேள்வி, விடைத்தாளே தப்பாக இருந்தால் 17 என்ற கணக்குக்கும் மதிப்பில்லை.

"முதல்ல மாமாதான் சொன்னார் மேடம். சந்தேகமான படங்களை வேளாண்மை அலுவலர்கிட்ட காட்டினேன். மொத்தம் 67 எடுத்தேன். ஏழு இலையில ரெண்டு நோய் சேர்ந்து இருக்குன்னு அவர் சொன்னார். என் மாடல்ல அதுக்கு இடமே இல்ல, அதனால ஒதுக்கிட்டேன். ஒதுக்குனதை ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

ரிப்போர்ட்டை நான் வாங்கிப் பார்த்தேன். முகப்புச் சுருக்கத்தில் 98 அப்படியே இருந்தது. கேட்டேன். அவர் முகம் சற்று மாறியது. பைண்டிங் முடிந்துவிட்டது, கைடு அப்படியே இருக்கட்டும் என்றார், தானும் வற்புறுத்தவில்லை என்றார். தோட்டத்துக் கணக்கு கடைசி அத்தியாயத்தில்தான் இருந்தது. "முன்னாடி வந்திருக்கணும் சார். அங்க நான் தைரியமா இல்ல."

இந்தக் கேள்விக்கு நான் எதிர்பார்ப்பது இந்த அளவு வெளிப்படைத்தன்மையைத்தான். பழியைத் தொகுப்பின் மேல் போட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. போட்டிருந்தால் பாதி உண்மையாகவும் இருந்திருக்கும்.

கடைசியாக, இப்போது வேறு என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். இந்த இடத்தில் பலர் 'கடின உழைப்பு', 'விடாமுயற்சி' என்று மேடையேறிவிடுவார்கள். இவர் சொன்னது ஒரு வேலை. மூன்று தோட்டங்களில் படம் எடுத்து, பழக்கத் தொடங்கும் முன்பே ஒரு தோட்டத்தை முழுசாகத் தனியே பூட்டிவைத்தாராம். மற்ற இரண்டு தோட்டத்துப் படங்களையும் சேர்த்துப் பழக்கி, கடைசி நாளில்தான் பூட்டியதைத் திறந்தார். 61 சதவீதம். "மூணு தோட்டமும் ஒரே பக்கம், ஒரே சீசன் சார். ஓசூர்ல இது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது."

மாமா அந்த ஆப்பைப் பயன்படுத்துகிறாரா என்று மேடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல மேடம். ஆனா வாரம் ஒரு தடவை இலைப் படம் அனுப்பறார். கீழே என்ன நோய்னு அவரே எழுதிடறார்."