×100 என்று எழுதினால் ஏன் தவறு?

உயிரியல் செய்முறைத் தேர்வு என்றதும் நினைவுக்கு வருவது வெங்காயத் தோல். செதிலின் உட்புறத்தில் கண்ணாடிக் காகிதம்போல் ஒட்டியிருக்கும் தோலை உரித்து, சாஃப்ரனின் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடிப் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரியும். பார்ப்பதில் சிரமமில்லை. பென்சிலைக் கையில் எடுத்ததும் பலர் கண்டதை மறந்து, பாடநூலில் மனப்பாடம் செய்த தாவரச் செல்லை வரைந்துவிடுகிறார்கள். பச்சையமே இல்லாத வெங்காயத் தோலில் நாலு பசுங்கணிகங்கள் மிதக்கும். நடுவில் நாணயம் அளவுக்கு உட்கரு உட்கார்ந்திருக்கும். லென்ஸில் கண் வைக்காமல் வரைந்த படம் என்பது திருத்துபவருக்கு அங்கேயே புரிந்துவிடும்.

வரைவதற்கு முன்பே செல்லின் உண்மையான நீளம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் 4 மடங்கு பொருளருகு லென்ஸும் உள்ள நுண்ணோக்கியில் ஸ்கேலை வைத்துப் பார்க்கும்போது, தெரியும் வட்டத்தின் குறுக்களவு 4.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பொருளருகு லென்ஸை 10 மடங்குக்கு மாற்றினால் வட்டம் அதே விகிதத்தில் சுருங்கி 1.8 மி.மீ. ஆகும். இப்போது ஸ்லைடை வைத்து, வட்டத்தின் குறுக்கே எத்தனை செல்கள் தலைமாடு கால்மாடாகக் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். ஆறு என்றால், ஒரு செல்லின் நீளம் ஏறக்குறைய 0.3 மி.மீ.

தாளில் அந்தச் செல்லை 90 மி.மீ. நீளத்துக்கு வரைகிறோம். 90ஐ 0.3ஆல் வகுத்தால் 300. ஆகவே படத்தின் உருப்பெருக்கம் ×300. ஆனால் பெரும்பாலானோர் எழுதுவது ×100. கண்ணருகு லென்ஸின் 10ஐயும் பொருளருகு லென்ஸின் 10ஐயும் பெருக்கி வருவது அது. அது நுண்ணோக்கி காட்டும் பெருக்கம். நீங்கள் வரைந்த படத்தின் பெருக்கம் அல்ல. ஒரே ஸ்லைடைப் பார்த்து ஒருவர் உள்ளங்கை அளவிலும் இன்னொருவர் நகத்தளவிலும் வரைந்தால், இருவர் படத்துக்கும் ×100 எப்படிப் பொருந்தும்? நுண்ணோக்கியின் பெருக்கத்தைக் கேட்டால் அதைத் தனியாகச் சொல்லலாம்.

இந்த 300 வரையும் கைக்கும் வழிகாட்டும். செல்லின் அகலம் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்ணுக்குப் பட்டால், தாளில் 18 மி.மீ. வர வேண்டும். உட்கருவின் குறுக்களவு சுமார் 15 மைக்ரோமீட்டர் என்றால் படத்தில் 4.5 மி.மீ.தான், மிளகு அளவு. பெரும்பாலும் அது நடுவில் இராது. பெரிய நுண்குமிழி நெருக்குவதால் செல்சுவர் ஓரமாக ஒதுங்கியிருக்கும். செல்சுவருக்குத் தடிமன் உண்டு என்பதால் அதை நெருக்கமான இரண்டு கோடுகளாக வரைய வேண்டும். செல் சவ்வு சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒளி நுண்ணோக்கியில் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் அதற்குத் தனிக்கோடு வேண்டாம்.

கூரிய எச்பி பென்சிலால் ஒரே இழுப்பில் கோடு விழ வேண்டும். ஓவிய வகுப்பில் கற்றதுபோல் சின்னச் சின்னக் கீற்றுகளாக இழுத்தால் ஒரு சுவர் இரண்டு மூன்று சுவராகத் தெரியும். நிழல் தீட்டுவதும் வேண்டாம்; அழகுக்காகக் கருக்கிய பகுதி அங்கே அடர்த்தியாக ஏதோ இருப்பதாகச் சொல்லிவிடும்.

பாகங்களைக் குறிக்கும் கோடுகளை ஸ்கேல் வைத்து இழுங்கள். மதிப்பெண் போவது அதிகமும் கோடு முடியும் இடத்தில்தான். சைட்டோபிளாசத்துக்கான கோடு அரை மில்லிமீட்டர் முன்னதாக நின்றால் அது செல்சுவரைத்தான் காட்டுகிறது. பெயர் சரியாக இருந்தும் விடை தவறு. கோட்டின் நுனி அந்தப் பாகத்தைத் தொட வேண்டும். அம்புமுனை வேண்டாம், அது நகர்வைக் குறிப்பது. ஒரு கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது. பெயர்களைப் படத்துக்கு வெளியே, வலப்பக்கம், ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுக்கைவாட்டில் எழுதினால் வெட்டும் சிக்கலே வராது.

தலைப்பில் 'தாவரச் செல்' என்று மட்டும் எழுதினால் எந்தத் தாவரம் என்ற கேள்வி நிற்கும். 'வெங்காயச் செதிலின் உட்புறத் தோல் செல், சாஃப்ரனின் சாயமேற்றியது, ஒளி நுண்ணோக்கியில் கண்டவாறு, ×300' என்பது முழுத் தலைப்பு.

கூடவே படத்தின் கீழ் 30 மி.மீ. நீளத்தில் ஒரு அளவுகோட்டை இழுத்து, அதன்மேல் '0.1 மி.மீ.' என்று எழுதலாம். படத்தை ஜெராக்ஸில் பாதியாகச் சுருக்கினால் எழுதிய ×300 பொய்யாகிவிடும். அளவுகோடு படத்தோடு சேர்ந்தே 15 மி.மீ. ஆகும். அதை அளந்து 0.1ஆல் வகுத்தால் புதிய உருப்பெருக்கம் ×150 என்று கிடைத்துவிடும்.