வீட்டுக் கணக்கு - 7: ஐந்நூற்றைத் தாண்டிய வண்டி

போன வாரம் சொன்னபடி, பங்க் பில்லையும் கரண்ட் பில்லையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஒத்தக்கடையிலிருந்து ஆரப்பாளையம் போக வர, கடை கண்ணியும் சேர்த்து, தினம் 30 கிலோமீட்டர். மாதம் 26 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,560. பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பியே மைலேஜ் பார்த்தேன். லிட்டருக்கு 44 வந்தது. லிட்டர் 101 ரூபாய் வீதம் சுமார் 3,580 ரூபாய்.

மின் ஸ்கூட்டர் வந்ததும் திரையில் காட்டிய யூனிட்டை நம்பாமல், பிளக்கில் சின்ன மீட்டர் ஒன்றைச் செருகினேன். பேட்டரியிலிருந்து போனதாகத் திரை காட்டியது 55 யூனிட். சுவரிலிருந்து எடுத்ததோ 62. சார்ஜர் பெட்டியைத் தொட்டால் சுடுகிறதே, மிச்சம் 7 யூனிட்டில் பெரும்பங்கு அந்தச் சூட்டில்தான் போகிறது. நமக்கு பில் வருவது சுவர்க் கணக்குக்குத்தான்.

அந்த 62 யூனிட்டுக்கு என்ன விலை என்பதில்தான் பலரும் ஏமாறுகிறோம். என் அக்கா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். அங்கே சார்ஜ் போட்டால் யூனிட் 4.80 வீதம் 298 ரூபாய் கூடும். என் வீட்டில் ஏற்கெனவே 470 ஓடுகிறது, பில் 1,647. வண்டியைச் சேர்த்ததும் 532 ஆனது, பில் 2,359. அதே 62 யூனிட்டுக்கு 712 ரூபாய்! 500-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8.55 என்பது ஒரு காரணம். அதோடு, 500-க்குள் இருந்தவரை 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைத்த 2.35 என்ற மானிய விலையும் போய், அதற்கும் 4.80 ஆகிவிடுகிறது. அதில் மட்டும் 245 ரூபாய்.

ஆன்ரோடு விலையில் எனக்கு வித்தியாசம் 36,000 ரூபாய். என் பில்படி இரண்டு மாதத்துக்கு 2,868 மிச்சம். 25 மாதத்தில் போட்ட பணம் திரும்பும். அக்கா வீடாக இருந்தால் 22 மாதம். ஆயில் மாற்றும் செலவு மிச்சமாவதையும் சேர்த்தால் இன்னும் ஓரிரு மாதம் குறையும். ஆனால் தினம் 10 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு, அக்கா வீட்டு விலையிலேயே ஐந்தரை வருடம் ஆகும். அதற்குள் பேட்டரி வாரன்டி முடிந்துவிடுமா என்று பாருங்கள். முடியுமென்றால் பெட்ரோல் வண்டியையே வாங்குங்கள் என்பேன். கடன் போட்டு வாங்குகிறவர்கள் அந்த 36,000-க்கான வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இரண்டு மாதம் ஒன்றே ஒன்று செய்தேன். விடிய விடிய ஓடிய ஏ.சி.யைக் காலை நான்கு மணிக்கே அணைத்தேன். வண்டி அதே தூரம்தான் ஓடியது. கணக்கெடுப்பவர் வந்தபோது 491 யூனிட். பில் 1,782 ரூபாய்.

(தொடரும்)