மஞ்சள் காமாலையும் உப்பில்லாத இட்லியும்

கண்ணில் மஞ்சள் தெரிந்த அன்றே வீட்டில் எண்ணெய்ச் சட்டி இறங்கிவிடும். மறுநாள் உப்பு நிற்கும். குழம்பிலிருந்து மஞ்சள்தூள் போகும். முட்டை, மீன், பருப்பு என்று ஒவ்வொன்றாக விலகும். கடைசியில் நோயாளியின் தட்டில் மிஞ்சுவது உப்பில்லாத இட்லி, தொட்டுக்கொள்ளச் சீனி, நீர்மோர் விட்ட சாதம், ஒரு டம்ளர் கரும்புச் சாறு. "வாயைக் கட்டலைன்னா மறுபடியும் ஏறிடும்" என்று பாட்டி சொல்வார். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்வார். மூன்று வாரம் கழித்துக் கண் வெளுக்கும்போது ஆளும் பாதியாகியிருப்பார். இளைப்புக்குக் காரணம் நோய் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பங்கு பத்தியத்துடையது.

காமாலைக்குக் காரணங்கள் பல. இங்கே நாம் பேசுவது அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் அழற்சியைப் பற்றி. விடுதி மாணவர்களுக்கும் வெளியில் சாப்பிடும் இளைஞர்களுக்கும் அடிக்கடி வருவது இது. வைரஸ் உள்ளே போய் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல், குமட்டல், பசியின்மை தொடங்கும், பிறகு சிறுநீர் அடர் மஞ்சளாகும், கண் மஞ்சளாகும். இந்த வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. உடலே அதை வெளியேற்றிவிடும். பெரும்பாலானவர்கள் இரண்டு மாதத்துக்குள் முழுதாகத் தேறிவிடுவார்கள். அதுவரை உடலுக்குத் தேவையானதைக் கொடுத்துத் தாங்க வேண்டியது சாப்பாடுதான். அதைத்தான் நாம் பிடுங்கிவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு நாளைக்கு 1,500 முதல் 1,750 கலோரி வேண்டும். புரதம் 50 முதல் 60 கிராம் வேண்டும். பத்தியச் சாப்பாட்டில் காலை மூன்று இட்லி, மதியம் ஒரு கிண்ணம் மோர் சாதம், இரவு அரிசிக் கஞ்சி, இடையில் கரும்புச் சாறு, இளநீர், குளுக்கோஸ் தண்ணீர். எல்லாம் கூட்டினால் 900 கலோரியைத் தாண்டுவது கடினம். புரதமோ 20 கிராம்கூட வராது. கல்லீரல் தன் செல்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தேவையான புரதத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. மீதியை உடல் தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாடிப்படி ஏறினால் கால் நடுங்குவது அதனால்தான்.

இதை மருத்துவ உலகம் வெகுகாலம் முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது. கொரியப் போரின்போது அமெரிக்க ராணுவ வீரர்கள் பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. தாமஸ் சால்மர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அவர்களைப் பிரித்து, வெவ்வேறு சாப்பாடும் வெவ்வேறு அளவு ஓய்வும் கொடுத்துப் பார்த்தார்கள். 1955இல் முடிவு வெளியானது. புரதமும் கலோரியும் கூடுதலாக, வற்புறுத்திச் சாப்பிட வைக்கப்பட்டவர்கள் சற்று விரைவாகவே தேறினார்கள். படுக்கையை விட்டு எழக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் தனிப்பயன் எதுவும் தெரியவில்லை. எழுபது ஆண்டு ஆகியும் இந்தச் செய்தி நம் அடுக்களைக்கு வந்து சேரவில்லை.

எண்ணெய் விஷயத்தில் பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கல்லீரல் வீங்கியிருக்கும்போது குடலுக்கு வரும் பித்தநீர் குறையும். கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் வேண்டும். அதனால் பூரி, பஜ்ஜி, பிரியாணியைக் கண்டாலே குமட்டும். அப்போது அவற்றை ஒதுக்குவது சரி. ஆனால் கல்லீரலைக் கெடுக்கும் என்று பயந்து துளி எண்ணெய்கூட இல்லாமல் சமைக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்த கூட்டும் ரசமும் ஒன்றும் செய்யாது. தாளிப்பு வாசம் வந்தால் இன்னும் இரண்டு கவளம் உள்ளே போகும். நோயாளியின் வயிறு ஏற்கிறதா என்பதே அளவுகோல்.

உப்புக்கு அந்தப் பாதி உண்மைகூட இல்லை. கல்லீரல் சுருக்க நோய் முற்றி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அந்த அறிவுரைதான் எல்லாக் காமாலைக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் இளைஞருக்கு உப்பை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீராகக் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து சோர்வு கூடத்தான் செய்யும். வழக்கமான உப்பு போடுங்கள்.

மஞ்சள்தூளை விலக்குவது நிறத்தைப் பார்த்து வந்த பயம். கண்ணில் தெரியும் மஞ்சள் பிலிருபின். பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் அந்த நிறமியைக் கல்லீரல் வெளியேற்ற முடியாமல் போவதால் அது தேங்குகிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சமையல் அளவு மஞ்சள் கெடுதலல்ல. ஆனால் கடையில் விற்கும் குர்குமின் மாத்திரைகளை இந்த நேரத்தில் தொட வேண்டாம். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

கரும்புச் சாறு சர்க்கரைத் தண்ணீர்தான். அதில் சக்தி உண்டு, மருந்து இல்லை. எதுவுமே இறங்காத நாளில் அதுவும் உதவும். ஆனால் தெருவோரத்து ஐஸும் கழுவாத இயந்திரமும் சேர்ந்தால், எந்த வழியாக நோய் வந்ததோ அதே வழியை மறுபடி திறந்துவிடுகிறோம். இந்த வைரஸ் உறைபனியில் சாகாது. நன்றாகக் கொதிக்க வைத்தால் சாகும். நீரிழிவு உள்ளவருக்குக் கரும்புச் சாறும் குளுக்கோஸும் தனி ஆபத்து.

கீழாநெல்லி பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். சென்னையில் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்குடன் சேர்ந்து செய்த ஆய்வு 1988இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம், கீழாநெல்லிக்குப் பிறகு கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு, அந்த ஆய்வு தானாக ஆறும் ஹெபடைடிஸ் ஏ பற்றியதே அல்ல. தானாகத் தேறும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். எனக்கு அந்தச் செடியை விடப் பயம், அதன் பெயரில் விற்கும், என்ன கலந்தது என்று தெரியாத பொடிகளும் உருண்டைகளும்தான். கல்லீரல் புண்ணாக இருக்கும்போது முன்பின் தெரியாத எந்த மருந்தும் கூடுதல் சுமை. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலைக்கூட மருத்துவர் சொல்லும் அளவில்தான் போட வேண்டும். மது அறவே கூடாது; பரிசோதனைகள் இயல்புக்கு வந்து மருத்துவர் சொல்லும்வரை.

சரி, அந்த மாணவிக்கு என்ன கொடுக்கலாம்? இந்த நோயில் குமட்டல் பொழுது சாயச் சாயக் கூடும். காலையில்தான் பசி நன்றாக இருக்கும். எனவே காலைச் சாப்பாட்டைப் பெரிதாக வைக்க வேண்டும். உப்புப் போட்ட நான்கு இட்லி, காரம் குறைத்த பருப்பு சாம்பார், ஒரு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழம், முக்கால் டம்ளர் பால். மதியம் குழைந்த சாதத்தில் கெட்டிப் பருப்பு, சுரைக்காய் அல்லது பூசணிக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர். மாலையில் வேகவைத்த பாசிப்பயறுச் சுண்டலும் வீட்டில் வெட்டிய இளநீரும். இரவு அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்த கஞ்சி, படுக்கும் முன் கொஞ்சம் பால். இது ஏறத்தாழ 1,600 கலோரி. புரதம் 55 கிராமுக்குக் குறையாது. முட்டை சாப்பிடாதவர்கள் தயிரையோ பயறையோ கூட்டிக்கொள்ளலாம். மீன் பழக்கம் உள்ளவர்களுக்குக் குழம்பில் வேகவைத்த இரண்டு துண்டு மீன் தாராளமாகத் தரலாம். வறுவல் மட்டும் வேண்டாம். முதல் சில நாள் இவ்வளவும் இறங்காது. அப்போது இரண்டு மணிக்கு ஒருமுறை, அரைக் கிண்ணமாவது கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும்.

பத்தியத்தை எப்போது விடுவது? வீட்டில் எல்லோரும் கண்ணைப் பார்க்கிறார்கள். பிலிருபினில் ஒரு பகுதி இரத்தத்தின் ஆல்புமின் புரதத்தோடு இறுகப் பிணைந்துவிடும். அது கரைய வாரக்கணக்கில் ஆகும். கல்லீரல் தேறிய பிறகும் கண்ணில் மஞ்சள் நிற்பது அதனால்தான். அதைப் பார்த்துப் பத்தியத்தை நீட்டினால் தேறிக்கொண்டிருப்பவரையே பட்டினி போடுகிறோம். பசி திரும்புவதும் சிறுநீர் வெளுப்பதும்தான் முந்தி வரும் நல்ல அறிகுறிகள். பசி வந்துவிட்டால் வழக்கமான வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம்.

"முட்டை கொடுத்தேன், திரும்பி வந்துடுச்சு" என்பவர்களும் உண்டு. ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரைக்கும், தேறிய சில வாரங்களில் மறுபடி மஞ்சள் தலைகாட்டுவது இந்த வைரஸின் இயல்பு. தட்டில் என்ன இருந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதுவும் ஆறிவிடும்.

இந்தச் சாப்பாட்டுத் திட்டம் எல்லாக் காமாலைக்கும் பொருந்தாது. வயிற்றின் வலது மேல்புறம் வலி, தாங்க முடியாத அரிப்பு, வெளிறிய களிமண் நிற மலம் இருந்தால் பித்தக்குழாய் அடைத்திருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு. கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் ஒருநாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஹெபடைடிஸ் ஈ கடைசி மாதங்களில் உயிரைப் பறிக்கும். பச்சிளம் குழந்தைக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்திக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்காதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். ஆகவே முதல் வேலை இரத்தப் பரிசோதனை செய்து எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்வது.

வீட்டில் தேறிக்கொண்டிருப்பவரையும் கவனித்துக்கொண்டே இருங்கள். பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, பல் ஈறில் இரத்தம் கசிவது, வயிறு உப்புவது, குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கஞ்சியா மோரா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.