"அஞ்சாயிரம் ஆகும், அண்ணாச்சி": லஞ்சம் கேட்டால் புகாரில் என்ன எழுதுவது?

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பெயரில் 40 சென்ட் தோப்பு இருக்கிறது. அப்பா காலமான பிறகு, அண்ணன் தம்பி இருவரும் பிரித்துக்கொண்டு, உட்பிரிவோடு (ஒரே சர்வே எண்ணை இரண்டாக அளந்து பிரிப்பது) பட்டா மாற்ற இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறீர்கள். கட்டணம் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று. சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போகும்போது உங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார்: "ஃபைல் நகரணும்னா அஞ்சாயிரம் ஆகும், அண்ணாச்சி."

இது நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. சாரல் காலத்துக் கடை உரிமம், வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு, வாரிசுச் சான்று என்று உங்கள் வேலை எதுவாக இருந்தாலும், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான்.

யாரிடம் போவது?

மாநில அரசு ஊழியர் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்திடம் போக வேண்டும். நாம் எல்லோரும் லஞ்ச ஒழிப்புத் துறை என்று சொல்வது இதைத்தான். 1964இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் சென்னையில். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாவதற்கு முன்பு இதற்காகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது தென்காசியிலேயே ஒரு டி.எஸ்.பி. தலைமையில் பிரிவு இருக்கிறது. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தாசில்தார் அலுவலகத்துக்கோ முதலில் போக வேண்டாம். போனால், நீங்கள் வந்துபோன செய்தி லஞ்சம் கேட்டவரின் காதுக்கு மாலைக்குள் போய்விடக்கூடும்.

தபால் நிலையம், ரயில்வே, தேசிய வங்கி போன்ற மத்திய நிறுவனங்களின் ஊழியர் என்றால் வழக்கமாக சி.பி.ஐ. பார்க்கும். அதற்காக மாநிலத் துறை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பர் 1 அன்று திண்டுக்கல்லில் மாநில லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது மதுரை அமலாக்கத்துறை அலுவலகத்தில் வேலை பார்த்த மத்திய அரசு அதிகாரியைத்தான். ஆகவே எது சரியான இடம் என்ற குழப்பத்திலேயே நாளைக் கடத்தாதீர்கள். போய்ச் சொன்னால் வழி காட்டுவார்கள்.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமா, கொடுக்காமல் போகலாமா?

கொடுக்காமல் போங்கள். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பதும் நேரடியாகவே குற்றமாக்கப்பட்டது. கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவருக்கு ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள்: கொடுத்த ஏழு நாளுக்குள் புகார் சொல்லிவிட வேண்டும். முதலிலேயே தகவல் சொல்லிவிட்டு, விசாரணைக்கு உதவுவதற்காகக் கொடுத்தால் உங்கள் மேல் குற்றமே கிடையாது. ஏழு நாள் தாண்டிவிட்டால் புகாரை வாங்கவே மாட்டார்கள் என்பதல்ல. உங்களுக்கான அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். அப்போது ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

"பாதி கொடுத்துவிட்டேன், மீதியைக் கேட்டுப் படுத்துகிறார்" என்றால்? மீதியைக் கேட்பதும் ஒரு கேட்புதான். திண்டுக்கல் வழக்கில் லஞ்ச ஒழிப்புத் துறை சொல்லும் குற்றச்சாட்டு அப்படிப்பட்டது. ஓர் அரசு மருத்துவரிடம் முதலில் 20 லட்சம் வாங்கி, மீதியைக் கேட்டபோது அவர் புகார் கொடுத்தார். அடுத்த 20 லட்சத்தோடு அதிகாரி பிடிபட்டார் என்கிறது துறை.

புகாரில் என்ன இருக்க வேண்டும்?

பலரும் தடுமாறுவது இங்கேதான். மனம் கொதித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதினால், "இந்த ஆபீஸே ஊழல் கூடாரம், எல்லாரும் கூட்டுக் கொள்ளை" என்றுதான் வரும். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வரியை வைத்து ஒரு அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. அவருக்கு வேண்டியது நான்கு விஷயம்: உங்கள் வேலை என்ன, அது யார் கையில் இருக்கிறது, அவர் என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார், எப்போது எங்கே கேட்டார். கடைசியில் ஒரு வரி: "எனக்கு லஞ்சம் கொடுக்க விருப்பமில்லை."

எடுத்துக்காட்டை வைத்து எழுதிப் பார்ப்போம்:

"ஜூன் 3ஆம் தேதி உட்பிரிவுடன் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்ப எண்ணும் ரசீது நகலும் இணைத்துள்ளேன். ஜூன் 17 காலை சுமார் 11 மணிக்குச் சர்வேயர் எங்கள் தோப்பை அளந்தார். முடிந்ததும் கிணற்றுப் பக்கம் என்னை அழைத்து, 'ஃபைல் நகரணும்னா அஞ்சாயிரம் ஆகும், அண்ணாச்சி' என்றார். 'கட்டணம் கட்டிட்டேனே சார்' என்றேன். 'அது கவர்மென்டுக்கு, இது எங்களுக்கு' என்றார். அப்போது என் தம்பி வரப்பில் நின்றிருந்தார். பேச்சு அவர் காதில் விழவில்லை. ஜூன் 19 மாலை 6.10க்கு என் கைப்பேசியில் அழைத்து, 'ரெடி பண்ணியாச்சா?' என்று கேட்டார். எனக்கு லஞ்சம் கொடுக்க விருப்பமில்லை. சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

தம்பி காதில் விழவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன், பாருங்கள். அவரும் கேட்டார் என்று ஒரு வார்த்தை கூட்டி எழுதினால் புகார் பலப்படும் என்று தோன்றும். நாலு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடக்கும்போது அந்த ஒரு வார்த்தைதான் முதலில் உடையும்.

அதே போல, அவர் வாயால் சொல்லாமல் ஐந்து விரலைக் காட்டியிருந்தால், "ஐந்து விரலைக் காட்டினார், ஐயாயிரம் என்று புரிந்துகொண்டேன்" என்றே எழுதுங்கள். "பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். "தலையாரிகிட்ட குடுத்துட்டுப் போங்க" என்று இன்னொருவரைக் கைகாட்டியிருந்தால் அதையும் விடாதீர்கள். அடுத்தவர் கையால் வாங்கினாலும் அது லஞ்சம்தான்.

கேட்டார் என்பதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

பணம் அவர் பையில் இருந்து எடுக்கப்பட்டாலும், அவர் கேட்டதை நிரூபிக்காவிட்டால் வழக்கு நிற்காது. உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. "கடனைத் திருப்பிக் கொடுத்தார்", "நான் பார்க்காதபோது மேஜையில் வைத்துவிட்டார்" என்று எதிர்த்தரப்பு சொல்ல வழி இருக்கிறது அல்லவா? அதனால் உங்கள் புகாரின் உயிர் அந்த ஒரு வாக்கியம்தான்.

கைப்பேசியில் பதிவு இருந்தால்?

நல்லது. ஆனால் வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மூலப்பதிவை அழித்துவிடாதீர்கள். நீதிமன்றம் தேடுவது மூலப்பதிவையும், அது எந்தக் கருவியில் பதிவானது என்பதற்கான சான்றையும். கைப்பேசியை விசாரணைக்காக வாங்கி வைக்கலாம். அன்றாடப் பிழைப்புக்கு அது இல்லாமல் முடியாது என்றால் முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பதிவு இல்லையே என்று புகாரைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பெரும்பாலும் அதிகாரிகளே சரிபார்த்துக்கொள்வார்கள்.

புகார் கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

கேட்பு உண்மை என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். அதன் ஒரு நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். பிறகுதான் பொறி வைப்பது (கையும் களவுமாகப் பிடிக்கும் ஏற்பாடு).

வேறு துறைகளில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சிகளாக வரவழைப்பார்கள். நோட்டுகளின் எண்களை எழுதிக்கொண்டு, அவற்றின் மேல் பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். தடவியது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் முன்னாலேயே ஒரு சோதனை காட்டுவார்கள்: நோட்டைத் தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் (சலவைச் சோடா) கரைத்த நீரில் விட்டால், தெளிந்திருந்த நீர் ரோஸ் நிறமாகும். பிடிபடுகிறவரின் விரலையும் சட்டைப் பையையும் பிறகு இதே போல நனைத்துப் பார்த்து, அந்த நீரைப் புட்டியில் அடைத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

அன்று நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அவர் கேட்டால் மட்டுமே பணத்தை எடுங்கள். நீங்களாகவே நீட்டினால் நீங்கள் திணித்ததாகிவிடும். இன்னொன்று, கை குலுக்காதீர்கள். உங்கள் கையில் ஒட்டிய பொடி அவர் கைக்குப் போனால், பணத்தைத் தொடாமலே நீர் நிறம் மாறிவிட்டது என்று பின்னால் வாதாடுவார்கள். நம் ஊரில் பெரியவரைப் பார்த்தால் கை தானாக நீளும். அன்று மட்டும் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

அவர் வராமல் போகலாம். இடத்தை மாற்றிக் குற்றாலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடைக்கு வரச் சொல்லலாம். சந்தேகப்பட்டு, "எதுக்கு இதெல்லாம்?" என்று நடித்துவிட்டுக் கிளம்பலாம். அப்போது துரத்திப் போய்க் கொடுக்கப் பார்க்காதீர்கள். நடந்ததை அப்படியே அதிகாரியிடம் சொன்னால் போதும்.

பணம் யாருடையது, திரும்புமா?

பெரும்பாலும் நீங்கள் கொண்டுவரும் பணம்தான். பிடிபட்ட நோட்டுகள் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்துக்குப் போய்விடும். உங்கள் தொகையைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதைப் புகார் கொடுக்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வெளியே வருமா?

பொறி வைக்கும் வழக்கில் வரும். பெயரில்லாத மொட்டைக் கடிதத்தை வைத்து யாரையும் இப்படிப் பிடிக்க முடியாது. நீங்கள் முதல் சாட்சி; நீதிமன்றத்தில் ஒருநாள் நின்று சொல்ல வேண்டியிருக்கும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் வந்து, "பாவம், பிள்ளகுட்டிக்காரன், விட்டுடுங்க" என்பார். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, புகார்தாரர் இறந்தாலும் பிறழ்ந்து பேசினாலும் மற்றச் சாட்சியங்களை வைத்துக் கேட்பை நிரூபிக்கலாம் என்று சொல்லிவிட்டது. நீங்கள் பின்வாங்கினால் வழக்கு தானாக மறைந்துவிடாது. சத்தியம் செய்து பொய் சொன்ன பழி மட்டும் உங்கள் மேல் விழும்.

சர்வேயரைப் பிடித்துவிட்டால் பட்டா வந்துவிடுமா?

தானாக வராது. இரண்டும் தனித்தனி. புகார் நடக்கும்போதே, பட்டா தாமதமாவதைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் தனி மனு கொடுங்கள். அதில் விண்ணப்ப எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். பொறி வைப்பதற்கு முன்பு லஞ்சப் பேச்சை அதில் எடுக்க வேண்டாம். மனு வாங்கியதற்கான ரசீதை மறக்காமல் கேட்டு வாங்கி, இ-சேவை ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.