திரும்பி வரும் ஆடையும் பட்டியல் விலையும்

தில்லி மயூர் விஹாரில் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையையே கிடங்காக்கி, இணையவழியில் ஆடை விற்பது கடினமன்று. யமுனையின் இதே கிழக்குக் கரையில், சிறிது தொலைவில் காந்தி நகர் ஆயத்த ஆடைச் சந்தை இருக்கிறது. காலையில் சென்று மொத்த விலையில் குர்த்தி வாங்கி வந்தால், மாலைக்குள் படம் எடுத்து விற்பனைத் தளத்தில் ஏற்றிவிடலாம். கடினமானது பட்டியல் விலையை எழுதுவது. அந்த விலையில் கொள்முதலும் கூரியர் கட்டணமும் தரகும் இடம்பெறுகின்றன. திரும்பி வரும் ஆடையின் செலவு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. விடுபட்டால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் வழியே காண்போம். இதில் வரும் தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை; வாசகர்கள் தத்தம் தொகைகளை இட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு குர்த்தியின் கொள்முதல் விலை 300 ரூபாய், உறை 10 ரூபாய், அனுப்பும் கட்டணம் 60 ரூபாய். ஆக 370 ரூபாய். தளத்தின் தரகு பட்டியல் விலையில் 10 விழுக்காடு. விலைக்குள் அடங்கிய சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. நாம் செலுத்தும் கட்டணங்களின் மீதான வரி, உள்ளீட்டு வரி வரவாகக் கிடைப்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஒரு குர்த்திக்கு 70 ரூபாய் மிஞ்ச வேண்டுமென்றால், வரியும் தரகும் போக 440 ரூபாய் கைக்கு வர வேண்டும். அதற்குரிய பட்டியல் விலை 516 ரூபாய்.

இந்த விலையில் 100 குர்த்திகளை அனுப்புகிறோம்; 25 திரும்பி வருகின்றன. அவற்றை அனுப்பிய கட்டணம் 1,500 ரூபாய். ஒன்றுக்கு 70 ரூபாய் வீதம் திரும்பக் கொண்டுவரும் கட்டணம் 1,750 ரூபாய். வீணான உறைகள் 250 ரூபாய். இருபது குர்த்திகளை மீண்டும் இஸ்திரி போட்டுப் புது உறையில் இட 300 ரூபாய். கறையோ கிழிசலோ உள்ள ஐந்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதில் இழப்பு 750 ரூபாய். மொத்தம் 4,550 ரூபாய். அதாவது, திரும்பி வரும் ஒவ்வொரு குர்த்திக்கும் 182 ரூபாய் செலவாகிறது.

இந்த 4,550 ரூபாயை எதனால் வகுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அனுப்பியது 100 என்பதால் நூறால் வகுத்து, 46 ரூபாயை விலையில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் திரும்பி வந்த 25 குர்த்திகளுக்குப் பணம் தந்தவர் எவருமில்லை. செலவு முழுவதையும் சுமக்க வேண்டியவை வாங்கியவரிடமே தங்கிவிட்ட 75 குர்த்திகள்தாம். 4,550ஐ 75ஆல் வகுத்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 61 ரூபாய் வருகிறது. 516 ரூபாய்க்கே விற்றிருந்தால், 70 ரூபாய் என்று நம்பிய மிச்சம் 9 ரூபாயாகச் சுருங்கியிருக்கும்.

திரும்பும் விகிதம் ஏறும்போது இந்தச் சுமை அதைவிட வேகமாக ஏறும். நூற்றில் 40 திரும்பினால், தங்கிய 60 குர்த்திகள் ஒவ்வொன்றும் 121 ரூபாயைச் சுமக்க வேண்டும். விகிதம் 25இலிருந்து 40 ஆயிற்று. சுமையோ இரு மடங்காயிற்று.

இந்த 61 ரூபாயை அப்படியே 516உடன் கூட்டுவதும் போதாது. விலையை உயர்த்தினால், உயர்த்திய தொகையிலும் தரகும் வரியும் பிடிக்கப்படும். கைக்கு 501 ரூபாய் வர வேண்டுமென்றால் பட்டியல் விலை 588 ரூபாயாக இருக்க வேண்டும். கூடுதல் 72 ரூபாய். ஆடை திரும்பினால் சில தளங்கள் தரகை முழுதும் விட்டுவிடும். சில ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அப்பிடித்தம் இருந்தால் 182 ரூபாயோடு அதையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, கடை முழுவதற்கும் ஒரே விகிதத்தை வைப்பது ஆபத்து. துப்பட்டாவுக்கு அளவுச் சிக்கல் இல்லை. அது நூற்றுக்கு 5 திரும்புகிறது என்போம். உடலோடு ஒட்டித் தைத்த ஆடை 45 திரும்புகிறது. இரண்டும் சம அளவில் அனுப்பப்பட்டால் சராசரி 25 விழுக்காடுதான். ஆனால் ஒரு முறை திரும்புவதற்கு அதே 182 ரூபாய் என்று கொண்டால், துப்பட்டா சுமக்க வேண்டியது 10 ரூபாய். ஒட்டித் தைத்த ஆடை சுமக்க வேண்டியது 149 ரூபாய். இரண்டிலும் 61ஐ ஏற்றினால், விலை கூடிய துப்பட்டாவை விட்டு வாங்குவோர் வேறு கடைக்குப் போவார்கள். மலிவாகிவிட்ட மற்ற ஆடையை விரும்பி வாங்குவார்கள். அதில் ஒவ்வொன்றிலும் 88 ரூபாய் குறையும். விற்பனை பெருகும், நட்டமும் பெருகும். ஆகவே ஒவ்வோர் ஆடை வகைக்கும் தனி விகிதம் வேண்டும். வீட்டு வாசலிலேயே மறுக்கப்பட்டுப் பிரிக்கப்படாமல் திரும்பும் பொட்டலங்களையும் தனியே எண்ண வேண்டும்; அவற்றில் கறையோ கிழிசலோ இருப்பது அரிது.

மீஷோ தளம் இச்சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. எக்காரணத்துக்காகவும் திருப்பலாம் என்பதற்கு ஒரு விலை. தவறான அல்லது பழுதான பொருளை மட்டுமே திருப்பலாம் என்பதற்குக் குறைந்த விலை. திருப்பும் உரிமைக்கான செலவை, அதை விரும்புவோரிடமே பெறும் முறை இது.

விலையேற்றத்துக்கு எல்லைகளும் உண்டு. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு வரி 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. அந்த எல்லையருகே உள்ள ஆடையில் சிறு ஏற்றமும் பெரும் வரிச்சுமையாகிவிடும். அங்கே விகிதத்தைக் குறைப்பதே வழி. நம் குர்த்தியின் விகிதம் 25இலிருந்து 20ஆகக் குறைந்தால் சுமை 61 ரூபாயிலிருந்து 46 ரூபாயாகும். எனவே மார்பளவையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் அளந்து படத்தோடு போடுவதற்குக் குர்த்தி ஒன்றுக்கு 15 ரூபாய்க்குள் செலவானால், அது விலையேற்றத்தைவிட நல்லது.

ஏற்றிய தொகை சரிதானா என்பதை எப்படி அறிவது? தீபாவளிக்கு அனுப்பிய ஆடை அடுத்த மாதம் திரும்பலாம். வந்து சேர்ந்த தேதியை வைத்துக் கணக்கிட்டால், விற்பனை மிகுந்த மாதம் இலாபமாகவும் அடுத்த மாதம் நட்டமாகவும் தோன்றும். ஆர்டர் வந்த மாதத்தின் கீழேயே திருப்பங்களை எழுதி, திருப்பும் கெடு முடிந்தபின் அம்மாதச் செலவைத் தங்கிய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 61ஐத் தாண்டினால் விலையோ ஆடையோ மாற வேண்டும்.

இந்தத் தாமதம் வங்கிக் கணக்கையும் தொடும். நூறு குர்த்திகளுக்கு 25 வழியில் இருந்தால் 7,500 ரூபாய்ச் சரக்கு கிடங்கிலும் இல்லை, விற்கவும் இல்லை. ரொக்கக் கடன் வசதி பெற்றோர், மாதாந்தரச் சரக்கு அறிக்கையில் அதை வர வேண்டிய பணமாகவும் இருப்பாகவும் இருமுறை காட்டிவிடலாகாது. திரும்பிய விற்பனைக்கு வரவுக் குறிப்பு எழுதினால்தான் அதன் வரி கழியும். அந்நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும். அது தவறினால், வராத பணத்துக்கும் வரி கட்டியவர்களாவோம். அந்தத் தொகையை எந்தப் பட்டியல் விலையிலும் நாம் ஏற்றியிருக்க மாட்டோம்.